கம்பெனி மேல் வழக்கு இருக்கிறதா? வண்டி ஏற்றும் முன் எங்கே பார்ப்பது

கேள்வி: பாம்பனில் நண்டும் கணவாயும் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிறேன். கொச்சிப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி நல்ல விலை தருகிறது. இதுவரை கையோடு காசு. இனிமேல் 45 நாள் கடன் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு லட்சம் வெளியே நிற்கும். "அந்தக் கம்பெனி மேல திவால் கேஸ் ஓடுது" என்று லாரி டிரைவர் சொல்கிறார். உண்மையா என்று நானே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு செல்போனும் ஒரு சாயங்காலமும் போதும். முதலில் சரியான பெயரைப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவும், சட்டப்படி உள்ள பெயர் வேறாகவும் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால் சட்டப் பெயர் வந்துவிடும். அந்த எண்ணின் ஆறாவது எழுத்தையும் கவனியுங்கள். C என்றால் கம்பெனி. F என்றால் கூட்டு நிறுவனம். P என்றால் தனி ஆளின் தொழில். P என்று இருந்தால் கீழே சொல்லும் கம்பெனித் தீர்ப்பாயத்தில் தேடி ஒன்றும் கிடைக்காது. சாதாரண நீதிமன்றங்களில்தான் பார்க்க வேண்டும்.

சரி, கம்பெனிதான் என்று வைத்துக்கொள்வோம். mca.gov.in தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்தப் பெயரைத் தேடினால் 21 எழுத்துள்ள பதிவு எண் கிடைக்கும். அதன் நடுவில் KL என்று இருந்தால் கேரளப் பதிவு, TN என்றால் தமிழ்நாடு. திவால் மனுவை எந்த ஊரில் போட வேண்டும் என்பதைப் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம்தான் தீர்மானிக்கிறது. மீன் பதப்படுத்தும் ஆலை எங்கே என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அதே பக்கத்தில் கம்பெனியின் நிலையும் தெரியும். Under CIRP என்றோ Under Liquidation என்றோ இருந்தால் டிரைவர் சொன்னது உண்மை. Active என்று இருந்தால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். மனு போட்டு விசாரணையில் இருக்கும் காலம் முழுக்க அங்கே Active என்றுதான் காட்டும். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற பிறகே அது மாறும்.

மூன்று வருடத்துக்கு முன் தொண்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஏழு லோடு கணவாய்க்கு 9 லட்சம் பாக்கி. அவரும் Active என்று பார்த்துவிட்டுத்தான் கடனுக்கு அனுப்பியிருக்கிறார். முதல் லோடு போன அன்றே, வங்கி போட்ட மனு ஒன்று நாலு மாதமாக விசாரணையில் இருந்தது. ஆறு லோடு போன பிறகு மனு ஏற்கப்பட்டது. ஏழாவது லோடை, நிர்வாகத்தைக் கையில் எடுத்த தீர்வாளர் ஆலையை ஓட்டுவதற்காகக் கேட்டு வாங்கினார். அது நடைமுறைச் செலவில் சேரும், அந்தச் செலவுக்குத்தான் முதல் உரிமை என்பதால் அந்த 1.2 லட்சம் முழுசாக வந்தது. முந்தைய ஆறு லோடின் 7.8 லட்சம், வங்கி, தொழிலாளர், அரசு பாக்கிகளுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றது. அவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

அந்த நாலு மாத மனுவை அவர் பார்த்திருக்கக்கூடிய இடம் கம்பெனித் தீர்ப்பாயத்தின் தளமான nclt.gov.in. அங்கே Case Status பகுதியில், கட்சிக்காரர் பெயர் வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. எந்த அமர்வு என்று முதலில் கேட்கும். கேரளப் பதிவென்றால் கொச்சி, தமிழ்நாடு என்றால் சென்னை. கொச்சி அமர்வு சென்னைக்குப் பிறகுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய கேரள வழக்குகளுக்குச் சென்னையிலும் பார்க்க வேண்டும். பெயரை முழுசாக அடிக்காமல் நடுவில் உள்ள தனிச்சொல்லை மட்டும் அடியுங்கள். 'பிரைவேட் லிமிடெட்' என்பதை ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதி வைப்பார். ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள்.

CP(IB) என்று தொடங்கும் எண் வந்தால் அது திவால் மனு. யார் போட்டது என்று பாருங்கள். மனுதாரர் வங்கியாக இருந்து, வழக்கு நிலுவையில் இருந்தால் நான் ஒரு பெட்டி நண்டுகூடக் கடனுக்கு அனுப்ப மாட்டேன். ஐஸ் ஆலைக்காரர், பேக்கிங் அட்டை விற்றவர் மாதிரியான ஆட்கள் போட்டு, பிறகு சமரசம் என்று திரும்பப் பெற்ற மனுக்கள் இரண்டு மூன்று இருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: தீர்ப்பாயம் வரை இழுத்தால்தான் காசு கொடுக்கும் கம்பெனி. ஒரே பெயரில் வேறு கம்பெனியும் இருக்கலாம் என்பதால், உத்தரவைத் திறந்து பதிவு எண்ணோ முகவரியோ ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் தேடல் முடியவில்லை. திவால் மனு போட குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். 2020 மார்ச்சுக்கு முன் 1 லட்சம் போதும் என்று இருந்தது. ஆகவே உங்களைப் போல 5 லட்சம், 10 லட்சம் மாட்டிக்கொண்ட வியாபாரிகளின் சண்டை இந்தத் தளத்தில் தெரியாது. அவர்கள் செக் பவுன்ஸ் வழக்குத்தான் போட்டிருப்பார்கள். அந்த வழக்கு கம்பெனி இருக்கும் ஊரில் வராது. செக்கை வாங்கியவரின் வங்கிக் கிளை எந்த ஊரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் வரும். கொச்சிக் கம்பெனி என்று எர்ணாகுளத்தில் மட்டும் தேடிவிட்டு 'சுத்தம்' என்று சொல்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அந்தக் கம்பெனிக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து சரக்கு போகிறது என்று யோசியுங்கள்: இராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி, கொல்லம், ஆலப்புழை. services.ecourts.gov.in தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, பெயரும் வருடமும் கொடுத்துத் தேட வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான். கம்பெனி பெயரில் வராவிட்டால் இயக்குநர் பெயரில் தேடுங்கள். சில வழக்குகளில் முதல் எதிரியாக அவர் பெயரே பதிவாகியிருக்கும். முடிந்த வழக்குகளையும் சேர்த்துப் பாருங்கள்.

வங்கி கடன் வசூலுக்குப் போகும் தீர்ப்பாயம் இந்த இரண்டு தளங்களிலும் சேராது. அதற்கு drt.gov.in தனி.

எல்லாம் பார்த்த பிறகும் அவர்களுடன் தொழில் செய்ய நினைத்தால், ஒரு லோடுக்கு மேல் கடன் நிற்கவிடாதீர்கள். முந்தைய லோடின் காசு வந்த பிறகு அடுத்த வண்டியை ஏற்றுங்கள். செக் வாங்கும்போது கையெழுத்துப் போடுபவர் இயக்குநர்தானா என்று பாருங்கள். திவால் மனு ஏற்கப்பட்டால் கம்பெனி மேல் உள்ள செக் வழக்கு நின்றுவிடும், ஆனால் கையெழுத்துப் போட்ட இயக்குநர் மேல் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. மாதம் ஒரு முறை தீர்ப்பாயத் தளத்தில் அதே தேடலைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒருவேளை பாக்கி நிற்கும்போதே மனு ஏற்கப்பட்டுவிட்டால், உரிமை கோரும்படி பொது அறிவிப்பு வரும். கேரளக் கம்பெனி என்றால் அது ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு மலையாளப் பத்திரிகையிலும் வரும்; பாம்பனில் அது உங்கள் கண்ணில் படாது. அதே அறிவிப்பு ibbi.gov.in தளத்திலும் போடப்படும். தீர்வாளர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள் கெடு. படிவம் B-யில், பில், எடைச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், சரக்கு வந்து சேர்ந்தது என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சேர்த்து மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். பச்சை நண்டுக்கு ஜிஎஸ்டி இல்லாததால் உங்களிடம் ரிட்டர்ன் ஆவணம் இருக்காது. அதனால் எடைச் சீட்டில் ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆளிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.