சதவீதப் பட்டைக்குப் பின்னால் எத்தனை பேர்?

கேள்வி: பிரிவுவாரியாகத் தேர்ச்சி சதவீதத்தைப் பட்டை வரைபடமாகப் போட்டிருக்கிறேன். ஆறேழு பேர் மட்டுமே உள்ள பிரிவுகள் முதலிடத்திலோ கடைசியிலோ போய் நிற்கின்றன. பார்ப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க எண்ணிக்கையை எப்படிக் காட்டுவது?

பதில்:

உங்கள் வரைபடம் ஏதோ ஓர் ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஓடப்போகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்தத் திரையின் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தவள் நான்.

மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஓராண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதியவர்கள் 7 பேர், தேறியவர்கள் 5 பேர். கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில் எங்கள் பள்ளிக்கு 71 சதவீதம் என்று சிவப்புப் பட்டை, கடைசி இடம். நகரத்தில் உள்ள பெரிய பள்ளிக்கு 86 சதவீதம், பச்சைப் பட்டை. அங்கே எழுதியவர்கள் 212 பேர், தேறியவர்கள் 182 பேர். தேறாத 30 பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

இந்த 15 புள்ளி வித்தியாசம் எதனால் ஆனது என்று பாருங்கள். எங்களிடம் ஒரு மாணவர் என்றால் 14.3 புள்ளி. பெரிய பள்ளியில் ஒரு மாணவர் அரைப் புள்ளிகூட இல்லை. எங்கள் பையன்களில் இன்னும் ஒருவன் தேறியிருந்தால் ஏழில் ஆறு, அதாவது 85.7 சதவீதம். பெரிய பள்ளியுடையது 85.8. கடைசி இடத்துக்கும் பச்சைப் பட்டைக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு பிள்ளையின் ஒரு விடைத்தாள். அந்தச் செய்தி வரைபடத்தில் எங்குமே இல்லை, ஏனென்றால் இரண்டு பட்டைகளும் ஒரே அகலத்தில், ஒரே கனத்தில் நின்றன.

சிறிய பள்ளிகளுக்குச் சாக்குத் தேடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த ஆண்டு எங்கள் 7 பேரும் தேறி 100 சதவீதம் வந்தது, பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அப்போதும் நான் இதையேதான் சொன்னேன். எண்ணிக்கை குறைந்தால் சதவீதம் இரண்டு பக்கமும் தாவும். அதனால்தான் சதவீதப்படி வரிசைப்படுத்திய எந்தப் பட்டியலிலும் சிறிய குழுக்கள் உச்சியிலும் அடியிலும் போய்க் குவிகின்றன. அவர்களின் திறமைக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் கண் பட்டைகளைச் சராசரி பார்த்துவிடும். பள்ளிக் கணக்கை விட்டுவிட்டு எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்ற அட்டவணை, R என்ற புள்ளியியல் மென்பொருளுடனேயே `Titanic` என்ற பெயரில் வருகிறது. பிரிட்டிஷ் அரசு விசாரணையில் திரட்டிய எண்கள் அவை. கப்பல் ஊழியர்களில் பெண்கள் பிழைத்தது 87 சதவீதம், ஆண்கள் பிழைத்தது 22 சதவீதம். இரண்டு பட்டைகளை மட்டும் பார்த்தால் ஊழியர்களில் பாதிப் பேராவது கரை சேர்ந்தார்கள் என்று மனம் நினைத்துக்கொள்ளும். பெண் ஊழியர்கள் 23 பேரில் 20 பேர், ஆண் ஊழியர்கள் 862 பேரில் 192 பேர் என்று எழுதிவிட்டால் அந்த எண்ணம் நிற்காது. ஊழியர்கள் மொத்தத்தில் பிழைத்தவர்கள் 24 சதவீதம்தான். அதே அட்டவணையில் முதல் வகுப்புக் குழந்தைகளும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளும் 100 சதவீதம் பிழைத்தார்கள். முதல் பட்டையில் 6 குழந்தைகள், இரண்டாவதில் 24. இரண்டுக்கும் ஒரே உயரம்.

இனிச் செய்முறை. மிக எளிய வழி, பட்டையின் பெயரிலேயே எண்ணிக்கையைச் சேர்ப்பது. விரிதாளில் A பள்ளியின் பெயர், B தேர்வு எழுதியவர்கள், C தேறியவர்கள் என்றால், இன்னொரு நெடுவரிசையில் இப்படி எழுதி அதையே அச்சின் பெயராகக் கொடுங்கள்:

```
=A2&" ("&C2&"/"&B2&")"
```

71 சதவீதத்தின் பக்கத்தில் "5/7" என்று தெரிந்தாலே கூட்டத்தின் பேச்சு மாறும். "n=7" என்று எழுதுவதைவிட இது நல்லது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

நான் இப்போது செய்வது இதற்கும் ஒரு படி மேல். பட்டையை எண்ணிக்கையிலேயே வரைகிறேன். தேர்வு எழுதியவர்கள் வெளிர் சாம்பல் நிறத்தில் பின்னால், தேறியவர்கள் அடர்ந்த நிறத்தில் அதன் மேல். எக்செல்லில் எழுதியவர்களை முதல் தொடராகவும் தேறியவர்களை இரண்டாவதாகவும் வைத்து, Series Overlap என்ற இடத்தில் 100% கொடுத்தால் போதும். மிஞ்சித் தெரியும் சாம்பல் பகுதிதான் தேறாதவர்கள். பெரிய பள்ளியின் அந்த 30 பேர் அப்போதுதான் கண்ணில் படுகிறார்கள். சதவீதத்தைப் பட்டையின் முனையில் எண்ணாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் 7 பேர் கொண்ட பட்டை மிகச் சிறியதாகிவிடும், அதற்குள் பங்கைக் கண்ணால் அளக்க முடியாது. சதவீதப் பட்டைக்குப் பின்னால் இரண்டாம் அச்சு வைத்து எண்ணிக்கையை வரையும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். 100 வரை போகும் அளவும் 250 வரை போகும் அளவும் ஒரே படத்தில் நின்றால், எந்தப் பட்டை எதைத் தாண்டியது என்பதற்கு அர்த்தமே இல்லை. வரிசையையும் சதவீதப்படி அல்லாமல் எண்ணிக்கைப்படி வையுங்கள்.

புள்ளியியல் தெரிந்தவர்கள் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, போடச் சொல்வார்கள். சரிதான். வில்சன் முறையில் கணக்கிட்டால் எங்கள் 5/7-க்கு 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 36 முதல் 92 வரை, பெரிய பள்ளிக்கு 81 முதல் 90 வரை. எங்களுடையது அவர்களுடையதை முழுவதுமாக விழுங்கி நிற்கிறது. "எல்லா மாணவர்களையும் எண்ணிவிட்டோமே, இது மாதிரிக் கணக்கெடுப்பு இல்லையே, இடைவெளி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்த ஆண்டு என்ன நடந்தது என்று மட்டும் சொல்வதானால் தேவையில்லை. பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல அந்த எண்ணைப் பயன்படுத்தினால் தேவை. குறிப்பாணை அனுப்புவது தீர்ப்புதான்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று: அந்த ஆண்டு என்னை வகுப்பிலிருந்து எடுத்து வாரக்கணக்கில் வாக்காளர் பட்டியல் பணியில் போட்டார்கள். எனக்குப் பதிலாக யாரையும் அனுப்பவில்லை. பாடமும் இல்லை, பதிலியும் இல்லை, விளக்கக் கடிதம் மட்டும் வேண்டும் என்றால் என்ன நியாயம்? எந்த வரைபடத்திலும் இதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

எண்ணிக்கையைக் காட்டுவதால் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 5/7 என்று பொதுவில் ஒட்டினால், தேறாத இருவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டு நிர்வாகமான CMS, 1 முதல் 10 வரையுள்ள எண்ணிக்கைகளை வெளியிடும் அட்டவணைகளில் மறைத்துவிடும் வழக்கம் இதனால்தான். உங்கள் அறிக்கை அலுவலகத்தைத் தாண்டிப் போகுமானால், சிறிய பிரிவுகளுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். எங்கள் பள்ளிக்கு 5/7, 7/7, அதற்கடுத்த ஆண்டு 5/6. சேர்த்தால் 17/20, அதாவது 85 சதவீதம். கடைசி இடமும் இல்லை, சான்றிதழும் தேவையில்லை. சேர்த்தது எந்தெந்த ஆண்டுகள் என்பதைப் பட்டையின் கீழே எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மற்ற பள்ளிகளின் ஓராண்டுக் கணக்கோடு அதை ஒப்பிட்டுவிடுவார்கள்.