இமையின் நிறம் பார்த்துக் குடற்புழு மருந்து கொடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பட்டியில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் அடுத்தடுத்து இறந்துவிட்டன. முதல் நாள் மாலை வரை மேய்ந்தன, கழிச்சலும் இல்லை. கழிச்சல் இல்லாததால் குடற்புழு காரணமாக இருக்காது என்று எண்ணுகிறேன். சரியா?

பதில்: கழிச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்துப் புழுவை விலக்கிவிட முடியாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த பருவத்தில் ஆடுகளை மிகுதியாகக் கொல்லும் ஹீமோன்கஸ் என்னும் புழு, நான்காம் இரைப்பையின் உட்சுவரைக் கீறி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதனால் ஏற்படும் முதன்மையான கேடு இரத்த இழப்பே தவிரக் கழிச்சல் அன்று. ஒரு புழுவால் ஒரு நாளில் இழக்கப்படும் இரத்தம் ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர்தான். ஆனால் ஆயிரம் புழுக்கள் இருந்தால் அது 50 மில்லி லிட்டர் ஆகிறது. 15 கிலோ எடையுள்ள ஒரு குட்டியின் மொத்த இரத்தமே சுமார் ஒரு லிட்டர் என்பதால், இருபதில் ஒரு பங்கு நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. உடல் புதிய இரத்தத்தை உற்பத்தி செய்து சில காலம் ஈடுகொடுக்கும். அந்த ஆற்றல் தீரும் நாளில், ஓட்டிச் செல்லும்போதோ பிடிக்கும்போதோ குட்டி சுருண்டு விழுந்துவிடும்.

இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் சில ஆடுகளுக்குத் தாடையின் அடியில் நீர் கோத்துத் தொங்கும். தலையைக் குனிந்து நாள் முழுதும் மேய்ந்து திரும்பும் மாலையில் அது நன்றாகத் தெரியும். இனி ஒரு குட்டி இறந்தால், உடல் கெடுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரைக் கொண்டு நான்காம் இரைப்பையைத் திறந்து பாருங்கள். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டது போன்ற புழுக்கள் திரளாக இருந்தால் காரணம் உறுதியாகிவிடும். அவை இல்லையென்றால் குட்டிகளின் திடீர் இறப்புக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

கேள்வி: இமையை விரலால் கீழே இழுத்துப் பார்க்கிறேன். எல்லா ஆடும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இதை வைத்து எப்படித் தரம் பிரிப்பது?

பதில்: வெறுமனே இழுத்தால் இமையின் ஓரந்தான் தெரியும், நாம் பார்க்க வேண்டியது அதற்கும் உள்ளே இருக்கும் சவ்வு. முதலில் மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி, கண்விழியை மென்மையாக உள்நோக்கி அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை விடாமலே, மற்றொரு கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உட்சவ்வு ஒரு திண்டைப் போல வெளியே பிதுங்கும். அதன் நடுப்பகுதியின் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும். நீண்ட நேரம் திறந்து வைத்தால் சவ்வு மேலும் சிவந்து ஏமாற்றும். திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் நிழலும் ஆட்டின் முகத்தில் விழக்கூடாது.

அட்டை என்று நான் சொல்வது, தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா அட்டை. அதில் நல்ல சிவப்பு முதல் தரம், காகித வெளுப்பு ஐந்தாம் தரம். நினைவை நம்பித் தரம் போடுபவர்கள் பட்டி முழுவதும் வெளுத்திருக்கும்போது அதையே இயல்பு என்று கொண்டுவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வோர் ஆட்டுக்கும் அட்டை கையில் இருக்கட்டும். வெயில் பட்டால் அட்டையின் நிறமே மங்கும் என்பதால் அதை இருட்டில் வைத்து, ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். இரண்டு கண்களையும் பாருங்கள். இரு தரங்களுக்கு இடையில் ஐயம் எழுந்தால் வெளுத்த தரத்தையே எழுதுங்கள்.

கேள்வி: நாற்பது வெள்ளாடுகளைப் பார்த்துவிட்டேன். முதல் தரம் 8, இரண்டாம் தரம் 17, மூன்றாம் தரம் 9, நான்காம் தரம் 5, ஐந்தாம் தரம் 1. மூன்றாம் தரத்தில் நான்கு பால் கொடுக்கும் தாய்கள், இரண்டு குட்டிகள், மூன்று வளர்ந்த வறட்டு ஆடுகள். யார் யாருக்கு மருந்து?

பதில்: நான்கு, ஐந்தாம் தரங்களில் உள்ள ஆறுக்கும் இன்றே மருந்து வேண்டும், இதில் தயக்கமில்லை. ஐந்தாம் தரத்து ஆட்டை மந்தையோடு ஓட்டாதீர்கள். நிழலில் கட்டி, தீனியையும் நீரையும் அதனிடமே கொண்டுபோய் வையுங்கள். பிடிப்பதும் அடக்குவதும் குறைந்த அளவில் நடக்கட்டும். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர, போன இரத்தத்தைத் திருப்பித் தராது. ஆடு எழுந்து நிற்கவே திணறினால் இரத்தம் ஏற்றுவது பற்றி மருத்துவரிடம் உடனே பேசுங்கள்.

மூன்றாம் தரந்தான் யோசிக்க வைப்பது. நாற்பதில் ஆறு என்பது 15 விழுக்காடு. நான்கும் ஐந்தும் சேர்ந்து மந்தையில் பத்தில் ஒன்றைத் தாண்டினால், மேய்ச்சல் நிலத்தில் புழுவின் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் இன்றைய மூன்று, அடுத்த வாரத்து நான்காக மாறக்கூடும். பால் கொடுக்கும் தாய்களுக்குக் குட்டி ஈன்றதை ஒட்டிப் புழுவை அடக்கும் திறன் தளர்கிறது. குட்டிகளுக்கு இழப்பதற்கு இரத்தமே குறைவு. ஆகவே அந்த ஆறுக்கும் மருந்து கொடுப்பேன். நல்ல சதைப்பிடிப்போடு இருந்தால் மூன்று வறட்டு ஆடுகளுக்கு இன்று கொடுக்காமல், ஒரு வாரத்தில் மீண்டும் இமையைப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் பார்ப்பதற்கு உங்களால் இயலாது என்றால், அவற்றுக்கும் இன்றே கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பானது. எப்படியாயினும் முதல் இரண்டு தரங்களில் உள்ள 25 ஆடுகளுக்கு மருந்து வேண்டாம்.

கேள்வி: அரைகுறையாகக் கொடுப்பதால்தானே மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகிறது? எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்து, அன்றே புழு இல்லாத புது நிலத்துக்கு ஓட்டிவிட்டால் ஒரேயடியாக ஒழிந்துவிடும் அல்லவா?

பதில்: ஓர் ஆட்டுக்குக் கொடுக்கும் அளவு குறைந்தால் எதிர்ப்பு வளரும் என்பது சரி. ஆனால் மந்தையில் சில ஆடுகளை விட்டுவிடுவது வேறு செய்தி. எந்த மருந்துக்குப் பிறகும் தாக்குப்பிடித்த சில புழுக்கள் மிஞ்சும். பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்து அன்றே புது நிலத்துக்கு ஓட்டினால், அந்த நிலத்தில் விழும் முட்டைகள் எல்லாம் தாக்குப்பிடித்தவற்றின் வாரிசுகளாகவே இருக்கும். சில பருவங்களில் அந்த மருந்து உங்கள் பட்டியில் பயனற்றுப் போகும்.

மருந்து கொடுக்காத ஆடுகளில் இருக்கும் புழுக்கள் மருந்துக்கு மடியக்கூடியவை. அவற்றின் முட்டைகள் நிலத்தில் பெரும்பான்மையாக விழுந்தால், எதிர்ப்புள்ளவை அவற்றுக்குள் சிறுபான்மையாகவே தங்கிவிடுகின்றன. மந்தையின் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிடமே குவிந்திருப்பதால், அந்தச் சில ஆடுகளுக்குக் கொடுத்தாலே இறப்பும் நிலத்தில் விழும் முட்டையும் பெரிதும் குறையும். இமையைப் பார்ப்பதே அந்தச் சில ஆடுகள் எவை என்று கண்டுகொள்ளத்தான்.

கேள்வி: என் செம்மறிக்குக் கண் நன்றாகச் சிவந்து நீர் வடிகிறது. சிவப்பு என்றால் முதல் தரம் என்பதால் மருந்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆடு மெலிகிறது.

பதில்: அது கண் அழற்சியின் சிவப்பு, அந்தக் கண்ணை வைத்துத் தரம் போடக்கூடாது. தூசி, ஈ, கண் நோய் ஆகியவை சவ்வைச் சிவக்கவைத்து, அடியில் இருக்கும் சோகையை மறைத்துவிடும். மறு கண் நலமாக இருந்தால் அதைப் பாருங்கள். இரண்டும் கெட்டிருந்தால் பல் ஈறின் நிறத்தையும், தாடை வீக்கம் உண்டா என்பதையும் பார்த்துவிட்டுச் சாணப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணுக்குத் தனியாக மருத்துவம் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெளுத்த இமை எல்லாம் ஹீமோன்கஸ் ஆகிவிடாது. கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி வழியாகப் பரவும் இரத்த ஒட்டுண்ணிகள், மிகுதியான பேன், நாட்பட்ட தீனிக்குறைவு ஆகியவையும் இமையை வெளுக்கவைக்கும். ஹீமோன்கஸ் இல்லாத இடத்தில் இந்த அட்டை மருந்துக்கு வழிகாட்டாது. மெலிவையும் கழிச்சலையும் உண்டாக்கும் மற்ற குடற்புழுக்களையும் இது காட்டாது என்பதால், உங்கள் ஆட்டின் மெலிவுக்கு இமை சிவப்பாக இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

கேள்வி: நான்காம் தர வெள்ளாடுகளுக்கு அல்பென்டசோல் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. நிறம் முழுதாகத் திரும்பவில்லை. செம்மறிக்கு எழுதியிருந்த அளவைத்தான் கொடுத்தேன். மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: நிறத்தை மட்டும் கொண்டு இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனெனில் புழு முழுவதும் இறந்திருந்தாலும் இரத்தம் ஊறிவரச் சில வாரங்கள் ஆகும்; புரதம் குறைந்த தீனியில் இன்னும் தாமதமாகும். ஆனால் நீங்கள் கொடுத்த அளவு எனக்கு ஐயத்தைத் தருகிறது. வெள்ளாட்டின் உடல் இம்மருந்தை விரைவில் கழித்துவிடுவதால், செம்மறி அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படும். லெவாமிசோலுக்கு மட்டும் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. நச்சாகும் அளவு அதற்கு அருகிலேயே இருக்கிறது. சினையின் முதல் மாதத்தில் அல்பென்டசோலைத் தவிர்க்க வேண்டும். உங்கள் ஆட்டுக்கு உரிய அளவையும், பால், இறைச்சிக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் மருத்துவரே குறித்துத் தரட்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பாருங்கள்; மருந்தை நாக்கின் பின்பகுதியில், நாக்கின் மேலாகச் செலுத்துங்கள். வாயின் முன்பகுதியில் ஊற்றினால் அது முதல் இரைப்பையில் தங்காமல் தாண்டிப்போய் வலுவிழக்கக்கூடும்.

மருந்து தோற்றதா என்பதைச் சாணத்தில் முட்டை எண்ணித்தான் உறுதிசெய்ய வேண்டும். அடுத்த முறை மருந்து கொடுக்கும் அன்றும், 10 முதல் 14 நாட்களுக்குப் பிறகும் அதே ஆடுகளின் சாணத்தை எடுத்து அனுப்புங்கள். சான்றாக, பத்து ஆடுகளின் சராசரி கிராமுக்கு 2,400 முட்டைகளிலிருந்து 1,320 ஆகக் குறைந்தால் அது 45 விழுக்காட்டுக் குறைவு மட்டுமே. சரியான அளவில் கொடுத்தும் 95 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால், அந்த மருந்து உங்கள் பட்டியில் எதிர்ப்பைச் சந்தித்துவிட்டது. அப்போது வேறு வகை மருந்தையோ, இரு வகைகளைச் சேர்த்தோ கொடுப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஒரே வகையைச் சேர்ந்த இன்னொரு பெயருக்கு மாறுவதால் பயன் இல்லை.

கேள்வி: நான் ஆய்வகத்தில் இரத்தம் பார்ப்பவன். வெள்ளாடுகளில் மூன்றாம் தரம் என்று எழுதி வருபவற்றில் பலவற்றுக்குச் செல் அடர்த்தி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. தேவையில்லாத ஆடுகளுக்கு மருந்து போகிறதே?

பதில்: நீங்கள் காண்பது உண்மை. அட்டையின்படி மூன்றாம் தரம் 18 முதல் 22 விழுக்காட்டுச் செல் அடர்த்திக்கு உரியது. செம்மறியைவிட வெள்ளாட்டில் இந்தப் பொருத்தம் தளர்வாகவே இருக்கிறது. ஐயத்தில் வெளுத்த தரத்தை எழுதச் சொல்வதும் பிழையை அந்தப் பக்கமே தள்ளுகிறது. தேவையற்ற ஒரு மருந்தைவிடத் தவறவிட்ட ஒரு சோகை கொடியது என்பதால் அந்தச் சாய்வை நான் ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு மூன்றுக்கும் மருந்து என்று வழக்கமாக்கினால், சில மந்தைகளில் பாதிக்கு மேல் மருந்து போய்விடும், மருந்துக்கு மடியும் புழுக்களும் குறைந்துவிடும். மழைக்காலத்தில் மூன்றையும் சேர்ப்பதா, நான்கிலேயே நிற்பதா என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வாரம் ஒரு முறை இமை பார்க்கக்கூடிய மந்தையில் நான்கில் நிற்கலாம் என்பது என் கருத்து. மாதம் ஒரு முறை மட்டுமே பார்க்கக்கூடியவர், ஈரமான பருவத்தில் மூன்றையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. உங்களிடம் அனுப்பப்படும் ஆடுகளின் தரத்தையும் செல் அடர்த்தியையும் அருகருகே எழுதி உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தால், எந்தப் பட்டியில் கண் எவ்வளவு கூடுதலாக வெளுப்பைக் காண்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.