மறுத்துத் தலையாட்டினால் சிரிப்பாகப் போய்ச் சேருகிறது: எமோஜி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே குழப்பத்தைச் சுற்றி வருவதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எமோஜி ஒரு படம்தானே? நான் அனுப்பும் படம் நண்பரின் போனில் எப்படி வேறு முகமாகத் தெரிகிறது?

படம் போவதே இல்லை. நீங்கள் 'அ' என்று தட்டினால் அந்த எழுத்துக்கான எண் போகிறது. எந்த எழுத்துருவில் காட்டுவது என்பதைப் பெறுபவரின் போன் பார்த்துக்கொள்கிறது. எமோஜியும் அப்படித்தான். யூனிகோடு அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் கொடுத்திருக்கிறது. வாய் எவ்வளவு விரிய வேண்டும், புருவம் எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் அது கட்டளை போடுவதில்லை. ஆப்பிள், கூகுள், சாம்சங் என ஒவ்வொரு நிறுவனமும் தன் ஓவியர்களை வைத்துத் தனக்கென ஒரு தொகுப்பை வரைந்து வைத்திருக்கிறது.

U+1F601 என்ற எண்ணைப் பாருங்கள். பெயரின்படி அது கண்ணும் சேர்ந்து சிரிக்கும் முகம். அதை இங்கே போட்டால் உங்கள் போன் தன் பாணியில்தான் வரையும், அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். கூகுளின் பழைய படத்தில் அது கன்னம் சிவந்து வெளிப்படையாக மகிழ்ந்தது. ஆப்பிளின் பழைய படத்திலோ பல்லை இறுகக் கடித்துக்கொண்டு ஏதோ வலியில் இருப்பதுபோல் இருந்தது. 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட படங்களைப் பலரிடம் காட்டி, மிகக் கசப்பு என்றால் −5, மிக மகிழ்ச்சி என்றால் +5 என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரே எண்தான். ஆனால் ஆப்பிளின் படத்துக்குச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போனது, கூகுளின் படம் நன்றாக மேலே நின்றது. அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 10இல் ஆப்பிள் அந்த முகத்தைத் திருத்திவிட்டது. இன்று பெரிய நிறுவனங்களின் சிரிப்பு முகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிட்டன. ஆனால் அப்டேட் நின்றுபோன பழைய போன்களில் பழைய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கேள்வி: வார இறுதியில் வருகிறாயா என்று அக்கா கேட்டார். மறுப்பாகத் தலையை இடவலமாக ஆட்டும் முகத்தை அனுப்பினேன். அவரோ நான் வருவதாக நினைத்துக் காத்திருந்திருக்கிறார். அவருடையது பழைய போன். என்ன நடந்திருக்கும்?

எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. இங்கே படத்தின் பாணி மட்டும் மாறவில்லை, பதிலே தலைகீழாகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய முகத்துக்குத் தனி எண் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் எமோஜிகளைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுக்குறியால் கோத்துச் செய்தது அது. கணினி உலாவியின் கன்சோலில் இதை ஒட்டிப் பாருங்கள்:

```
[..."🙂‍↔️"].map(c => c.codePointAt(0).toString(16))
```

`1f642`, `200d`, `2194`, `fe0f` என்று நான்கு துண்டுகள் வரும். முதலாவது லேசாகப் புன்னகைக்கும் முகம். இரண்டாவதுதான் ஒட்டுக்குறி. மூன்றாவது இடவலமாகப் போகும் அம்பு. கடைசியில் இருப்பது அந்த அம்பை எமோஜியாக வண்ணத்தில் காட்டு என்று சொல்லும் குறிப்பு. இந்தக் கோவையைத் தெரிந்த போன் நான்கையும் சேர்த்து, தலையாட்டும் ஒரே முகமாக வரையும். இது 2023இல்தான் எமோஜி 15.1 பட்டியலில் சேர்ந்தது, ஐபோன்களுக்கு 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வழியாக வந்தது. அதற்கு முந்தைய எழுத்துரு உள்ள போனுக்கு இந்தக் கோவை தெரியாது. தெரிந்த துண்டுகளைத் தனித்தனியாக வரைந்து வைத்துவிடும். ஆக, உங்கள் அக்கா பார்த்தது ஒரு புன்னகை, பக்கத்தில் ஓர் அம்பு. "வருகிறாயா?" என்று கேட்டவருக்குப் புன்னகையோடு போய்வரும் அம்பு வந்தால் அவர் வேறென்ன நினைப்பார்?

ஆமாம் என்று மேலும் கீழும் தலையாட்டும் முகமும் இதே புன்னகையில்தான் தொடங்குகிறது, அம்பு மட்டும் செங்குத்தாக நிற்கும். அதனால் பழைய போனில் ஆமாம், இல்லை இரண்டுக்கும் முகம் ஒன்றே.

பொதுவாக இப்படிக் கோப்பது நல்ல ஏற்பாடுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பனிக்கரடி என்பது கரடியும் பனித்துகளும் சேர்ந்தது. பழைய போனில் அது பிரிந்துபோனாலும் பார்ப்பவர் ஊகித்துக்கொள்வார். தனி எண்ணோடு வரும் புது எமோஜியாக இருந்தால் பழைய போனில் வெறும் கட்டமோ கேள்விக்குறியோதான் தெரியும். என்னைக் கேட்டால் அந்தக் கட்டம் பரவாயில்லை. ஏதோ வந்துசேரவில்லை என்று தெரிந்து, "என்ன அனுப்பினாய்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிரிந்துபோன தலையாட்டலோ முழுச் செய்தி போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அனுப்பிய உங்கள் திரையிலும் எல்லாம் சரியாகவே தெரியும். பெறுபவரின் திரையைப் பார்த்தால் ஒழிய இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: பழைய உரையாடல் ஒன்றைத் திறந்தேன். அன்று நிஜத் துப்பாக்கியாக இருந்த எமோஜி இப்போது தண்ணீர்த் துப்பாக்கியாக இருக்கிறது. யாராவது செய்தியைத் திருத்தினார்களா?

இல்லை. சேமித்து வைத்திருப்பது U+1F52B என்ற எண் மட்டும்தான். திறக்கும்போதெல்லாம் போன் இன்று தன்னிடம் உள்ள படத்தை வரைகிறது. ஆப்பிள் 2016இல் அதைப் பச்சைத் தண்ணீர்த் துப்பாக்கியாக்கியது. கூகுள், சாம்சங் போன்றவை 2018இல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஐபோனில் விளையாட்டாகத் தட்டிய பொம்மை, ஆண்ட்ராய்டு போனில் கைத்துப்பாக்கியாகவே இறங்கியது. எக்ஸ் தளம் 2024இல் தன் படத்தை மீண்டும் நிஜத் துப்பாக்கியாக்கியது, அதனால் வேறுபாடு இப்போதும் தீரவில்லை.

ஒரு செய்தி மிரட்டலா இல்லையா என்ற வழக்கோ தகராறோ வந்தால், இன்று எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் அன்று பார்த்ததைக் காட்டாது. செய்தியின் தேதி, இருவரின் போன் மாடல், அன்று அவற்றில் இருந்த மென்பொருள் பதிப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் யார் என்ன பார்த்தார் என்று சொல்ல முடியும்.

கேள்வி: அனுப்புவதற்கு முன்பே அடுத்தவர் போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க வழி உண்டா?

ஓரளவுக்கு உண்டு. எமோஜிபீடியா தளத்தில் தேடினால் ஒரே எமோஜியை ஒவ்வொரு நிறுவனமும் எப்படி வரைந்திருக்கிறது என்பதையும், எந்த ஆண்டுப் பட்டியலில் அது சேர்ந்தது என்பதையும் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது ஆண்டைத்தான். பெறுபவரின் போனுக்கு அந்த ஆண்டுக்குப் பிறகு அப்டேட் வரவில்லை என்றால் அந்த எமோஜியைத் தவிர்த்துவிடுவேன்.

ஆனால் படம் ஒன்றாகவே இருந்தாலும் பிரச்சினை முழுக்கத் தீராது. நான் மேலே சொன்ன ஆய்விலேயே, ஒரே நிறுவனத்தின் ஒரே படத்தைப் பார்த்தவர்கள்கூட அது நல்லதா, கெட்டதா, நடுநிலையா என்பதில் நூற்றுக்கு 25 தடவை ஒத்துப்போகவில்லை. ஆமாம், இல்லை என்று முடிவு சொல்லும் இடத்தில் "வர முடியவில்லை அக்கா" என்று எழுதிவிட்டு, அப்புறம் எந்த முகத்தை வேண்டுமானாலும் போடுங்கள்.

கேள்வி: நோட்டிஃபிகேஷனில் ஒரு முகம், வாட்ஸ்அப்பைத் திறந்தால் சற்றே வேறு முகம். என் போன் பழுதா?

பழுதில்லை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் சொந்தத் தொகுப்பை வைத்து வரைகிறது, நோட்டிஃபிகேஷனை வரைவது போனின் எழுத்துரு. ஐபோனில் இரண்டுமே ஆப்பிளின் படங்கள் என்பதால் அங்கே இந்த வித்தியாசம் தெரியாது.