அயல்நாட்டுச் சம்பளத்தை எதனால் பெருக்குவது? – கேள்வி பதில்

கேள்வி (வடிவமைப்புப் பொறியாளர்): வரி போக இப்போது மாதம் 1,00,000 கைக்கு வருகிறது. 60,000 செலவாகி 40,000 மிஞ்சுகிறது. வெளிநாட்டில் ஆண்டுக்கு 60,000 தருவதாகச் சொல்கிறார்கள். அந்த நாணயம் ஒன்றுக்கு நம்முடையது 50. அப்படியானால் ஆண்டுக்கு 30 லட்சம், மாதம் இரண்டரை லட்சம். சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிறது என்று கொள்ளலாமா, ஐயா? நான் தனியாள்.

பதில்: கொள்ள முடியாது. ஒரு பக்கம் வரி போன தொகையையும் மறுபக்கம் வரி போகாத தொகையையும் வைத்திருக்கிறீர்கள். அது முதல் பிழை, திருத்துவதும் எளிது. இரண்டாவது பிழை சற்று ஆழமானது. மாற்று விகிதம் என்பது ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் விலை. அங்கே ஈட்டி அங்கேயே வாடகையாகவும் உணவாகவும் கரையும் பணத்தை நீங்கள் ஒருபோதும் மாற்றப் போவதில்லை என்பதால், அதை 50-ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே பெருக்கலைக் கடைசிப் படிக்குத் தள்ளிவிட்டு, அதுவரை முழுக்க அந்நாட்டு நாணயத்திலேயே கணக்கிடுங்கள்.

வருமான வரியும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் சேர்ந்து 28 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 60,000-இல் 43,200 மிஞ்சும், மாதத்துக்கு 3,600. ஓர் அறை வீட்டு வாடகை 1,300, உணவு, மின்சாரம், போக்குவரத்து, காப்பீடு, தொலைபேசி எல்லாம் சேர்த்து 1,250, ஆக மொத்தம் 2,550 செலவு என்றால் கையில் 1,050 நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,800 ஆகும் என்றால் அதற்காக மாதம் 150 ஒதுக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மீதி 900.

எல்லை தாண்டப் போவது இந்த 900 மட்டுமே. அதற்கும் திரையில் காணும் 50 முழுதாகக் கிடைக்காது. அனுப்பும் நிறுவனம் 49 என்று விகிதம் வைத்து, ஒவ்வொரு முறைக்கும் 10 கட்டணமும் எடுத்தால், 890-ஐ 49-ஆல் பெருக்கி 43,610 ஊர் வந்து சேரும். இப்போது மிஞ்சுவது 40,000. உங்கள் இரண்டரை மடங்கு, சேமிப்பு என்ற அளவில் பார்த்தால், மாதம் 3,610 கூடுதல் என்று சுருங்கிவிடுகிறது. வரி விகிதமும் செலவும் நான் வைத்தவை. அவற்றை நீக்கிவிட்டு அந்நாட்டு வரித்துறையின் கணிப்பானில் வரும் தொகையையும், நீங்கள் விசாரித்தறியும் வாடகையையும் இடுங்கள். படிகளின் வரிசை மட்டும் மாறக் கூடாது.

கேள்வி (பொருளியல் மாணவர்): இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? ஒரே பொருட்களை வாங்க இரு நாடுகளிலும் ஆகும் செலவை ஒப்பிடும் வாங்கும் திறன் சமநிலை என்ற விகிதம் இதற்காகவே இருக்கிறது. அது 20 என்றால் 60,000-ஐ 20-ஆல் பெருக்கி 12 லட்சம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே.

பதில்: பாதி சரி. செலவழியும் பகுதிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஊருக்கு வரும் பகுதிக்குப் பொருந்தாது. அவர் அனுப்பும் 900-க்கு எந்த வங்கியும் 20 என்று கணக்கிட்டுக் கொடுக்கப் போவதில்லை, 49-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். சம்பளம் முழுவதையும் 50-ஆல் பெருக்குவது மிகைப்படுத்தல் என்றால், முழுவதையும் 20-ஆல் பெருக்குவது குறைத்து மதிப்பிடல். அதுவும் வரி பிடிக்காத தொகையைப் பெருக்கியிருக்கிறீர்கள்.

எந்த விகிதத்தை எடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. உலக வங்கியின் தரவுப் பக்கத்தில் `PA.NUS.PPP` என்ற குறியீட்டில் கிடைப்பது ஒரு நாட்டின் மொத்த உற்பத்திக்கான விகிதம். அரசு செய்யும் செலவும், இயந்திரம் கட்டடம் போன்ற முதலீடுகளும் அதில் அடங்கும். குடும்பச் செலவை ஒப்பிட விரும்புபவர் தனியார் நுகர்வுக்கான `PA.NUS.PRVT.PP` என்பதை எடுப்பதே முறை. அதுவும் நாடு முழுவதற்குமான சராசரிதான். சொந்த வீட்டில் இருப்பவர்களும், பழைய வாடகையிலேயே நெடுங்காலம் தங்கியிருப்பவர்களும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். புதிதாகப் போய் இறங்குபவரோ பெருநகரத்தில் அன்றைய சந்தை வாடகையைக் கொடுக்கிறார். தி எகனாமிஸ்ட் இதழ் 1986-இல் விளையாட்டுப்போலத் தொடங்கிய பர்கர் விலைக் குறியீட்டையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். படிக்கச் சுவையானது, வீட்டு வாடகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதைவிட நம்பத்தக்கது அவரவர் சொந்த விகிதம். முதல் கேள்வியாளருக்கு இங்கே 60,000, அங்கே 2,550. வகுத்தால் ஏறத்தாழ 23.5. ஆனால் அது ஓர் அறை வீட்டுக்கான கணக்கு. இப்போதுள்ள அளவுக்கே வீடு வேண்டும், அதற்கு வாடகை 1,700 என்றால் செலவு 2,950 ஆகி, விகிதம் 20.3-க்கு இறங்கும். சிறிய வீட்டுக்கு மாறி மிச்சம் பிடிப்பதைச் சம்பள உயர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி (தணிக்கைத் துறைப் பணியாளர்): என் நிறுவனம் என்னை இரண்டு ஆண்டு அயல்நாட்டுக் கிளைக்கு அனுப்புகிறது. சம்பளம் ஊர் நாணயத்திலேயே தொடரும். ஆக, மாற்றுவிகிதச் சிக்கல் எனக்கு இல்லை அல்லவா?

பதில்: மேலே கேட்டவருக்கு மாதம் 900-க்கு மட்டுமே விகிதத்தின் ஆட்டம் தொடர்பானது. உங்களுக்கோ அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு காசும் விகிதத்தின் வழியாகவே வந்தாக வேண்டும். சிக்கல் இல்லை என்பதைவிட, பெரிய பகுதி உங்களிடம்தான் இருக்கிறது என்பதே சரி. 2011 செப்டம்பர் முதல் சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவின் மதிப்பு 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் காத்துவந்தது. 2015 ஜனவரி 15 அன்று அறிவிப்பின்றி அந்தக் காப்பை நீக்கியபோது, யூரோ ஏறத்தாழ ஒரு பிராங்க் அளவுக்குச் சரிந்தது. யூரோவில் சம்பளம் பெற்று சுவிட்சர்லாந்தில் வாடகை கட்டியவருக்கு, முதலாளி ஒரு காசும் குறைக்காமலே, ஆறில் ஒரு பங்கு வருமானம் சில நாட்களில் போயிற்று.

சம்பளத்தைப் பிரித்து, அங்கே செலவாகும் அளவை அந்நாட்டு நாணயத்திலும் மீதியை ஊர் நாணயத்திலும் தரும்படி கேட்டுப் பாருங்கள். அது முடியாவிட்டால், விகிதம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்தால் சம்பளத்தைத் திருத்துவதாக ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (செவிலியர்): எனக்கு வார ஊதியமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான்கால் பெருக்கினால் மாதச் சம்பளம் வந்துவிடுமா?

பதில்: ஆண்டுக்கு 52 வாரங்கள், பன்னிரண்டால் வகுத்தால் 4.33. நான்கால் பெருக்கினால் ஆண்டில் நான்கு வார ஊதியத்தைக் கணக்கில் விட்டுவிடுவீர்கள். இதன் மறுபக்கமும் உண்டு: ஆஸ்திரியாவில் ஆண்டுக்குப் பதினான்கு சம்பளம் தருவது வழக்கம் என்பதால், அங்கே மாதத் தொகையைப் பன்னிரண்டால் மட்டும் பெருக்கினால் இரண்டு சம்பளம் காணாமல் போகும். எந்தச் சலுகையையும் முதலில் ஆண்டுத் தொகையாக எழுதிக்கொள்ளுங்கள். விடுப்பு நாட்களுக்கும் வார ஊதியம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 52 என்ற எண்ணே குறையும்.

கேள்வி (எட்டு ஆண்டு அயல்நாட்டில் இருந்தவர்): இந்தக் கணக்கெல்லாம் நான் போட்டதே இல்லை. நான் போனபோது 38-ஆக இருந்த விகிதம் திரும்பும்போது 50. அனுப்பிய பணத்துக்கு அதுவே தனி இலாபம். இதை ஏன் சேர்க்கவில்லை?

பதில்: 38-லிருந்து 50 என்பது எட்டு ஆண்டில் ஏறத்தாழ 32 விழுக்காடு உயர்வு. அதே எட்டு ஆண்டில் ஊரில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று பார்க்காமல் அதை இலாபம் என்று சொல்ல இயலாது. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறியிருந்தால்கூட மொத்தம் 48 விழுக்காடு ஆகியிருக்கும். உங்கள் ஒரு நாணயம் ஊரில் வாங்கும் பொருளின் அளவு உண்மையில் குறைந்திருக்கும்.

மீண்டும் அவரே: விலைவாசி ஏறினாலும், வாங்கிய வீட்டுக் கடனின் தவணை ஏறவில்லையே. பழைய தவணையைப் புதிய விகிதத்தில் கட்டினேன்.

பதில்: வட்டி மாறாத கடனாக இருந்திருந்தால் அது நியாயமான வாதம், அந்த அளவுக்கு உங்களுக்கு இலாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகும்முன் போடும் கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் போகிறவருக்கு மிகப் பாதகமாக இருந்த விகிதத்தை எடுத்துக் கணக்கிடுவது என் வழக்கம். ஓராண்டுச் சராசரியே போதும், என் வழக்கம் நல்ல வேலைகளையும் மறுக்கச் செய்துவிடும் என்று இதே தொழிலில் உள்ள நண்பர் வாதிடுகிறார். அவரை இன்னும் என்னால் மாற்ற முடியவில்லை, அவராலும் என்னை.

கேள்வி (ஆசிரியை): கணவருக்கு அங்கே வேலை. நான் இங்கே வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. இங்கே இருவருக்கும் வரி போக வரும் தொகையைக் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள். அங்கே ஒருவர் சம்பளத்திலிருந்து மூவரோ நால்வரோ வாழும் செலவை மறுபக்கம் வையுங்கள். உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதைத் தெரிந்துகொள்ளும் வரை, அங்கே உங்கள் வருமானத்தைச் சுழியமாகவே எழுதுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட பொறியாளர்): 3,610-க்காக ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை. சேமிப்பு இரட்டிப்பாகி 80,000 ஆக வேண்டுமானால் எவ்வளவு சம்பளம் கேட்பது?

பதில்: அதே கணக்கைப் பின்னோக்கி நடத்துங்கள். 80,000-ஐ 49-ஆல் வகுத்தால் 1,633. கட்டணம் 10, பயணத்துக்கு 150, செலவு 2,550 எல்லாம் கூட்டினால் மாதம் 4,343 கைக்கு வர வேண்டும். இப்போதைய 3,600-ஐவிட 743 கூடுதல், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900.

இதைப் பழைய 28 விழுக்காட்டைக் கொண்டு மொத்தச் சம்பளமாக மாற்றிவிடாதீர்கள். கூடுதலாக வாங்கும் தொகை முழுவதும் வரியின் மேல் அடுக்கில் விழும். அங்கே பிடித்தம் 40 விழுக்காடு என்றால், 8,900 கைக்கு வர 14,800-க்கு மேல் உயர்த்திக் கேட்க வேண்டியிருக்கும். ஆக, 75,000 என்று தொடங்குங்கள். அவ்வளவு தர முடியாது என்று சொன்னால், முதல் ஆண்டு வாடகையையோ பயணச் செலவையோ நிறுவனமே ஏற்குமா என்று கேளுங்கள். ஆனால் பல நாடுகளில் அவற்றுக்கும் வரி உண்டு, எனவே வரி போக எவ்வளவு என்ற கேள்வியை அங்கேயும் விடாதீர்கள். உங்கள் கணக்கில் எனக்கு இன்னும் ஐயமாக இருப்பது 1,300 என்ற வாடகைதான். அந்த வீட்டுக்கு முன்பணம் எத்தனை மாதம் என்பதையும் விசாரியுங்கள். முதல் சம்பளம் வருமுன் கட்ட வேண்டிய அந்தத் தொகைக்கு, இங்கிருந்து 50-க்கும் மேல் கொடுத்துத்தான் அந்நாட்டு நாணயத்தை வாங்கிப் போக வேண்டியிருக்கும்.