சுளகு வட்டமா?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வீட்டுச் சாமான்களை வைத்து நானே விடுகதை எழுதி வகுப்பில் கேட்கிறேன். எதுவும் எடுபடவில்லை. ‘வட்டமாக இருப்பேன், அரிசியைச் சுத்தம் செய்வேன், நான் யார்?’ என்றால் சுளகு என்று ஒருவரும் சொல்வதில்லை, சல்லடை என்கிறார்கள். இத்தனைக்கும் அதை எழுதும்போது அத்தை பக்கத்தில்தான் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். ‘இதுல அழிக்கதுக்கு என்னத்த இருக்கு?’ என்று எழுந்து போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம் பக்கம்

சல்லடை என்று பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வட்டமாக இருந்து அரிசியைச் சுத்தம் செய்வது சல்லடை. சுளகு எங்கே வட்டமாக இருக்கிறது? மூன்று பக்கம் விளிம்பு கட்டி, முன்பக்கம் திறந்து கிடக்கும். கைக்கெட்டும் தூரத்தில் உங்கள் அத்தை அதைப் பிடித்துப் புடைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள்.

அவர் கேட்ட கேள்வியையும் விட்டுவிட்டீர்கள். நம் பக்கத்தில் விடுகதைக்கு அழிப்பாங்கதை என்று பேர். ஒருவர் முடிச்சுப் போடுவார், மற்றவர் அழிப்பார். உங்கள் விடுகதையில் முடிச்சே இல்லை என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவர் எழுந்து போன பிறகு நீங்கள் பின்னாலேயே போய், ‘அப்போ எப்படிப் போடணும் அத்தை?’ என்று கேட்டிருக்க வேண்டாமா? இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் மூத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்று கேட்பது மருமகளின் கடமை. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவருக்கு அது இரட்டைக் கடமை.

சரி, இன்று சாயங்காலம் நோட்டை எடுக்காமல் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். இரண்டு கை உளுந்தைப் போட்டு நீங்களே புடையுங்கள். உளுந்து மேலே எழும்பித் திரும்பச் சுளகிலேயே விழும். தோலும் தூசியும் சுளகின் திறந்த முன்பக்கம் வழியாகப் பறக்கும். ஒரே வீச்சில் இரண்டும் கிளம்புகின்றன, ஒன்று திரும்புகிறது, ஒன்று திரும்புவதில்லை. முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ‘சுத்தம் செய்வேன்’ என்று உபயோகத்தைச் சொன்னால் முடிச்சு தானே அவிழ்ந்துவிடும். அதனால் அரிசி, உளுந்து, தூசி, புடைத்தல் எதையும் வாயில் எடுக்கக் கூடாது. பொருள்களை ஆட்களாக்கிவிடுங்கள்.

முதலில் இப்படி வரும்: ‘இரண்டு பேர் குதித்தார்கள், ஒருவன் திரும்பினான், ஒருவன் பறந்தான்.’ இது போதாது. பூவிலிருந்து ஒரு பூச்சியும் ஒரு பட்டாம்பூச்சியும் கிளம்பினாலும் பொருந்தும். சுளகுக்கு மட்டுமே உள்ள ஓர் அடையாளம் வேண்டும். அது அந்தத் திறந்த முன்பக்கம்.

மூணு பக்கம் மதில், முன்பக்கம் வாசல்;
கனத்தவன் திரும்புவான், காற்றானவன் பறப்பான். அது என்ன?

மூணு – முன், கனத்தவன் – காற்றானவன் என்று மோனை அமைந்ததால் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ‘நான் யார்’ என்று சுளகே பேசுவதை விடுங்கள். ‘அது என்ன’ என்று போடுவதுதான் நம் வழக்கம்.

பிள்ளைகள் வேறு பதில் சொன்னால் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். அந்தப் பதிலை ஒவ்வொரு வரியோடும் வைத்துப் பாருங்கள். எல்லா வரிக்கும் பொருந்தினால் குறை உங்கள் விடுகதையில்தான். ‘மூன்று கண் இருக்கும், பார்வை இல்லை’ என்று நுங்குக்குப் போட்டால் தேங்காய் என்பார்கள், அதுவும் சரிதான். ‘முக்கண்ணன் மரத்தில், மூன்று கண்ணும் நம் வயிற்றில்’ என்று மாற்றினால் தேங்காய் கழன்றுகொள்ளும், ஏனென்றால் தேங்காயில் நாம் கண்ணைத் தின்பதில்லை.

இன்னொன்று. பாக்கெட் அரிசியும் மிக்ஸியும் உள்ள வீட்டுப் பிள்ளை சுளகைக் கையில் தொட்டே இருக்காது. தொடாத பொருளை விடையாக வைத்தால் எவ்வளவு நல்ல விடுகதையும் செத்துப்போகும். வீட்டுச் சுளகை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு கை உளுந்து கொடுத்துப் புடைக்க விடுங்கள், தூசி மூக்கில் ஏறித் தும்மட்டும். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசாதீர்கள். அப்புறம் விடுகதையைப் போடுங்கள்.

அதற்கு முன்னால் அத்தையிடம் போட்டுப் பாருங்கள். அவர் சட்டென்று அழித்துவிடுவார், அதை எதிர்பார்த்தே போடுங்கள். அழித்துவிட்டுத் திரும்ப உங்களுக்கு ஒன்று போடுவார். இந்தத் தடவை நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.