பள்ளிக் கட்டணத்துக்குப் புது அக்கவுண்ட் நம்பர்

“பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் பெயரிலேயே புது அக்கவுண்ட் நம்பர் வந்திருக்கிறது. நாளைதான் கடைசி நாள். கட்டலாமா?”

இப்போது கட்டாதீர்கள். போன வருட ரசீதில் அச்சாகியிருக்கும் நம்பருக்கு நீங்களே போன் போட்டு, பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். செய்தியிலேயே கொடுத்திருக்கும் நம்பர் வேண்டாம், எடுப்பவரும் அதே ஆளாக இருக்கலாம்.

அட்மின் பெயரை நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் அவரை ஏமாற்றி ஓ.டி.பி. வாங்கி அவருடைய வாட்ஸ்அப்பையே பிடித்திருக்கலாம். அவசரப்படுத்துவதும் இவர்கள் வழக்கம்தான்.

பேங்க் ஆப்பில் அந்தக் கணக்கைச் சேர்க்கும்போது கணக்குதாரர் பெயரைப் பாருங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அறக்கட்டளை பெயர் வந்தால் அதுவே தப்பில்லை, பல பள்ளிகளின் கணக்கு அப்படித்தான் இருக்கும். பழைய ரசீதோடு ஒப்பிடுங்கள்.

பெயர் பொருந்தினாலும் போனில் உறுதிசெய்யாமல் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அவர்களுடைய பேங்குக்கும் சொல்லச் சொல்லுங்கள். பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் மீட்பது கடினம்.