வழுக்கையும் நிறக்குருடும் ஒரே வழியிலா வருகின்றன?

கேள்வி: நிறக்குருடு, வழுக்கை இரண்டுமே ஆண்களுக்குத்தானே அதிகம்? அப்போ வழுக்கையும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதுதானே? அதை மட்டும் ஏன் "பாலினத்தால் மாறும் பண்பு" என்று தனியாகப் பிரிக்கிறார்கள்?

ஆண்களிடம் அதிகம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

சிவப்பு-பச்சை நிறக்குருட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ்தான். அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். வெறும் எண்ணிக்கைக் கணக்கு. ஹார்மோனுக்கு இதில் வேலையே இல்லை.

வழுக்கையில் ஹார்மோன்தான் எல்லாம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன், மரபுவழியில் அதற்கு வாகாக அமைந்த மயிர்க்கால்களைச் சுருக்கிவிடுகிறது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விரைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. மரபணு அதுவரையும் உடம்பில்தான் இருந்தது, ஹார்மோன் வந்த பிறகுதான் வேலையைக் காட்டியது.

பாடப்புத்தகங்கள் இதை ஒரே மரபணுக் கணக்காக எளிமைப்படுத்திச் சொல்லும். வழுக்கை அல்லீல், அதாவது அந்த மரபணுவின் வழுக்கை தரும் வடிவம், எக்ஸ், ஒய் அல்லாத சாதாரணக் குரோமோசோம் ஒன்றில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு பிரதி போதும், பெண்ணுக்கு இரண்டும் வேண்டும் என்பது விதி. அப்பாவிடம் இரண்டு பிரதி, அம்மாவிடம் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கிடைக்கும். மகன்கள் அனைவருக்கும் வழுக்கை, மகள்கள் யாருக்கும் இல்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் இருப்பது அதே ஜோடி அல்லீல்கள்தான், உடம்புதான் வேறு.

இப்போது அதே குடும்பத்தில் வழுக்கைக்குப் பதில் நிறக்குருட்டை வைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு நிறக்குருடு, அம்மாவிடம் அந்த அல்லீல் இல்லை. மகன்கள் ஒருவருக்கும் வராது, ஏனென்றால் அப்பா மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம். மகள்கள் எல்லோரும் கடத்திகளாக, அதாவது தங்களுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லாமல் அல்லீலைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். ஆக, வம்சாவளிப் படத்தில் முதலில் தேட வேண்டியது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறதா என்பதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழுக்கை ரொம்பப் பரவலான விஷயம். அப்பாவும் மகனும் வழுக்கையாக இருந்தால், மகனுக்கு அது அம்மா வழியிலும் வந்திருக்கலாம். ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. வழுக்கை உள்ள பெண்களைப் பார்த்தாலும் துப்புக் கிடைக்காது: அவருடைய அப்பாவுக்கும் மகன்களுக்கும் வழுக்கை இருக்கும் என்றுதான் எக்ஸ் வழி விதி, பாலினத்தால் மாறும் விதி இரண்டுமே சொல்லும்.

ஒரு பாலினத்தில் மட்டுமே வெளிப்படும் பண்புகள் இதற்கும் ஒரு படி மேலே. நல்ல உதாரணம், சிறுவர்கள் மூன்று நான்கு வயதிலேயே பருவமடையும் ஒரு அரிய பரம்பரை நிலை. விரைகளை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனை உணரும் ஏற்பியின் மரபணுவில் வரும் மாற்றம்தான் காரணம். அது இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. சிறுவனுக்கு ஒரு பிரதி போதும். அதே மாற்றம் உள்ள சகோதரிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அவர் மகன்களில் சராசரியாகப் பாதிப் பேருக்குப் போகும். அம்மாவுக்கு இல்லை, மாமாவுக்கும் மகனுக்கும் மட்டும் இருக்கிறது என்று பார்த்தால் அச்சு அசல் எக்ஸ் வழி மாதிரியே தோன்றும். மாமாவின் மகனுக்கும் வந்திருந்தால் குட்டு உடைந்துவிடும். நோய் அரிதானது, அதனால் இங்கே தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, "வழுக்கை வருமா என்று தெரிய அம்மா வழித் தாத்தாவைப் பார்" என்கிறார்களே, அது சுத்தப் பொய்யா? இல்லை. பாடப்புத்தகக் கணக்கு இங்கேதான் பற்றாமல் போகிறது. வழுக்கையில் நிறைய மரபணுக்கள் பங்கெடுக்கின்றன. அவற்றில் தனியாகப் பெரிய பாதிப்பு உள்ளது, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை உணரும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு. அது எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது. அது அம்மாவிடமிருந்துதான் மகனுக்கு வரும். ஆனால் அம்மாவிடம் அவருடைய அப்பா தந்த பிரதி ஒன்று, அவருடைய அம்மா தந்த பிரதி ஒன்று என இரண்டு உண்டு. மகனுக்குத் தாத்தாவுடையது கிடைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. கூடப் பிறந்த அண்ணன் தம்பியிலேயே ஒருவருக்குத் தாத்தாவின் பிரதியும் மற்றவருக்குப் பாட்டியின் பிரதியும் போய்ச் சேரலாம். அப்புறம், 20-ஆவது குரோமோசோம் போன்ற மற்ற இடங்களில் உள்ள மரபணுக்கள் அப்பா வழியிலும் தாராளமாக வரும்.